போனஸ் மாதத்தில் வரி ஏன் எகிறுகிறது, ஆண்டு முடிவில் எது திரும்பி வருகிறது

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மாதா மாதம் சம்பளத்தில் சொற்பமாகத்தான் வருமான வரி பிடிக்கிறார்கள். போனஸ் வந்த மாதம் மட்டும் போனஸில் கால்வாசிக்கு மேல் வரிக்கே போய்விட்டது. போனஸுக்கென்று தனி வரி வீதம் இருக்கிறதா? போன பணம் திரும்ப வருமா?"

பெரும்பாலான நாடுகளில் அப்படித் தனி வீதம் கிடையாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது போனஸும் சம்பளமும் ஒரே வருமானம்தான். (விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்திரியாவில் 13ஆம், 14ஆம் மாதச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரை 6% என்ற குறைந்த வீதமே வைத்திருக்கிறார்கள்.) அதற்காக "பிடித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும்" என்று அலுவலகங்களில் சொல்லும் ஆறுதலும் சரியல்ல. ஒரு பகுதி திரும்பும், ஒரு பகுதி உண்மையான வரி. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

எளிமைக்காக ஒரு கற்பனை வரித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானத்தில் முதல் 1200க்கு வரி இல்லை. 1200 முதல் 3600 வரை 10%. 3600 முதல் 6000 வரை 20%. அதற்கு மேல் 30%. ஒருவருக்கு மாதம் 300 சம்பளம். ஆண்டுக்கு 3600, அதாவது முதல் இரண்டு அடுக்குகளும் விளிம்பு வரை நிறைந்துவிட்டன. வரி 240, மாதத்துக்கு 20. இப்போது ஒரு மாதம் 600 போனஸ் வருகிறது.

அடுக்கு முறையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: மேல் அடுக்கின் வீதம் அந்த அடுக்கில் விழும் தொகைக்கு மட்டும்தான், கீழே இருக்கும் பணத்தை அது தொடாது. "போனஸ் வாங்கி அடுத்த அடுக்குக்குப் போனால் மொத்தச் சம்பளத்துக்கும் அந்த வீதம் போட்டுவிடுவார்கள், வாங்காமல் இருப்பதே லாபம்" என்று நம்பிக்கொண்டு கூடுதல் வேலையை மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமாவாசையில் பயணம் போகக் கூடாது என்பதைப் போலவே இதுவும் மூடநம்பிக்கைதான். ஆனால் இது நேரடியாகச் சம்பாத்தியத்தில் கை வைக்கிறது. கணிதப் பாடத்தில் ஒரு சம்பளச் சீட்டை வைத்து ஒரு மணி நேரம் நடத்தினால் தீர்ந்துவிடும் விஷயம்.

சரி, பிடித்தம் எப்படி நடக்கிறது? வரி ஆண்டுக்கு. சம்பளமோ மாதத்துக்கு. ஆண்டு முடியாமல் மொத்த வருமானம் யாருக்கும் தெரியாது. ஆகவே சம்பளக் கணக்கு மென்பொருள் ஊகித்தாக வேண்டும். மிக எளிய ஊகம் இது: இந்த மாதம் வந்த தொகையே பன்னிரண்டு மாதமும் வரும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஆண்டு வரி கணக்கிட்டு, பன்னிரண்டால் வகுத்துப் பிடிப்பது. அமெரிக்காவில் போனஸையும் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். வண்டியின் வேகமானி ஒரு நொடி காட்டும் வேகத்தை வைத்து அன்று முழுவதும் போன தூரத்தைச் சொல்வது போன்ற ஊகம் இது. சீராக ஓடினால் சரியாக வரும், ஒரு நொடி வேகமெடுத்தால் தப்பாகிவிடும்.

நம் ஆளுக்குப் போனஸ் மாதத்தில் வந்தது 900. பன்னிரண்டால் பெருக்கினால் 10,800. அதற்கு ஆண்டு வரி 2160, மாதத்துக்கு 180. வழக்கமான 20ஐக் கழித்தால், போனஸுக்காக மட்டும் பிடித்தது 160. 600இல் 160 என்றால் கிட்டத்தட்ட 27%. வாசகர் பார்த்து அதிர்ந்த எண் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

உண்மையான வரி எவ்வளவு? ஆண்டு வருமானம் 4200. மேலே வந்த 600 முழுதும் 20% அடுக்கில் விழுகிறது. போனஸால் கூடிய வரி 120. ஆக, பிடித்த 160இல் 120 திரும்பவே திரும்பாது. மிச்சம் 40தான் மிகைப் பிடித்தம்.

இந்த 120ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பளத்தில் சராசரியாக 7%கூடப் பிடிக்கவில்லையே, போனஸில் மட்டும் ஏன் 20% என்று கேட்பார்கள். சம்பளம் வரியில்லாத அடுக்கையும் 10% அடுக்கையும் ஏற்கெனவே நிரப்பிவிட்டது. போனஸ் உட்கார மிச்சமிருப்பது மேல் அடுக்குதான். சம்பளத்தில் 600 கூடியிருந்தாலும் இதே 120தான் போயிருக்கும்.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதில் கொஞ்சம் நின்று போகலாம். 20% அடுக்கின் அகலம் ஆண்டுக்கு 2400. மாதக் கணக்கில் போடும்போது அது பன்னிரண்டு துண்டுகளாகி, ஒவ்வொரு மாதத்துக்கும் 200 கொள்ளளவு கிடைக்கிறது. போனஸ் மாதத்தில் வந்த 600இல் 200 மட்டுமே அந்த மாதத் துண்டில் அடங்கும். மிச்சம் 400 வழிந்து 30% அடுக்கில் விழுகிறது. இருக்க வேண்டிய இடத்தைவிட 10 சதவீதப் புள்ளி அதிகம். 400இல் 10% என்றால் 40, கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. இதற்கிடையில் மற்ற பதினொரு மாதங்களின் 20% துண்டுகள், மொத்தம் 2200 கொள்ளளவு, யாரும் தொடாமல் காலியாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பார்க்கும் கணக்குக்கு அந்தக் காலி இடம் கண்ணில் படுவதில்லை. வரி வீதம் மேலே போகப் போகக் கூடும் வரை, வருமானம் ஏறி இறங்கி வந்தால் இந்தக் கணக்கு மிகையாகப் பிடிக்குமே தவிர, குறைவாகப் பிடிக்காது.

காலி இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 1944இல் நடைமுறைக்கு வந்த சம்பளப் பிடித்த முறையின் அடிப்படை அதுதான். அங்கே ஒவ்வொரு சம்பளத்தின்போதும் வரி ஆண்டின் தொடக்கத்திலிருந்து அன்று வரை வந்த மொத்த வருமானத்தைக் கூட்டுவார்கள். அடுக்குகளின் அகலத்தையும் அதுவரை கடந்த மாதங்களுக்கு ஏற்ப விரிப்பார்கள். வரும் வரியிலிருந்து ஏற்கெனவே பிடித்ததைக் கழித்து மிச்சத்தை மட்டும் பிடிப்பார்கள்.

நம் ஆளுக்கு முதல் மாதமே போனஸ் வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த மாதம் இங்கும் 180 பிடிக்கும். முந்தைய மாதம் இல்லாததால் வேறு வழியில்லை. அடுத்த மாதம் மொத்த வருமானம் 1200. ஆனால் இப்போது 20% அடுக்கின் அகலம் 400. போன மாதம் 30%இல் வழிந்து கிடந்த பணத்தில் 200 கீழே இறங்கிவிடுகிறது, 20 மிச்சமாகிறது. அந்த மாதச் சம்பளத்துக்கான வரியும் 20தான். இரண்டும் நேர்: இரண்டாம் மாதப் பிடித்தம் பூஜ்யம். மூன்றாம் மாதம் அடுக்கு 600 ஆகிறது, மிச்சம் 200உம் இறங்குகிறது, மறுபடி பூஜ்யம். நான்காம் மாதத்திலிருந்து பழையபடி 20. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பாருங்கள்: 180, அப்புறம் இரண்டு பூஜ்யங்கள், அப்புறம் ஒன்பது இருபதுகள். மொத்தம் 360. நினைவில்லாத முறையில் இதே ஆளிடம் 400 பிடித்திருப்பார்கள். இங்கே யாரும் விண்ணப்பம் போடாமல், ஆண்டு முடியும் வரை காத்திராமல், தப்பு தானாகவே கரைந்துவிடுகிறது. கணினி வருவதற்கு முன்பே, அச்சிட்ட அட்டவணைகளை வைத்துக் கையால் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

ஆனால் இந்த முறை கடந்த மாதங்களின் கணக்கு தெரிந்தால்தான் வேலை செய்யும். பிரிட்டனில் புது வேலையில் சேர்பவரின் பழைய விவரம் வரவில்லை என்றால், வரிக் குறியீட்டின் முடிவில் `M1` அல்லது `X` என்று போட்டு, மாதத்தைத் தனியாகப் பார்க்கும் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். போனஸ் மாதத்தில் பிடித்தம் எகிறி, அடுத்த மாதங்களில் இறங்கவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான்.

இந்தியாவில் நிறுவனம் முழு ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு, வரியை மாதங்களுக்குப் பகிர்ந்து பிடிக்கிறது. எதிர்பாராத போனஸ் வந்தால் கூடும் வரியை எஞ்சிய மாதங்களில் ஈடுகட்ட வேண்டும். நம் கணக்கில் பத்தாம் மாதம் போனஸ் வந்தால், அதுவரை பிடித்தது 180, இன்னும் வேண்டியது 180. மூன்று மாதத்துக்கும் பகிர்ந்தால் தலா 60. கடைசி மாதத்தில் போனஸ் வந்தால் பகிர மாதமே இல்லை, 140 மொத்தமாகப் போகும். அதைப் பார்த்தால் மிகை போலத் தோன்றும், ஆனால் திரும்ப வர அதில் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் இன்னொரு வழியும் உண்டு: சம்பளத்தோடு சேர்க்காமல் போனஸில் நேராக 22% பிடிப்பது. பத்து லட்சம் டாலர் வரை இது பொருந்தும், அதற்கு மேல் 37%. இந்த 22% பிடித்தத்தின் வீதம்தானே தவிர, வரியின் வீதமல்ல. 12% அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் திரும்ப வரும். 32% அடுக்கில் இருப்பவர் ஆண்டு முடிவில் இன்னும் 10% கட்ட வேண்டும். பிடித்தது போகக் கைக்கு வந்த போனஸ் எல்லாம் தனக்குத்தான் என்று மகிழ்ந்து செலவழித்துவிட்டால், பின்னால் சிரமம் இவருக்குத்தான்.

ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது எந்த மாதம் எவ்வளவு வந்தது என்ற வரிசைக்கு மதிப்பில்லை. மொத்த வருமானம், அதற்கு வரி, அதிலிருந்து பிடித்தவை கழிவு, அவ்வளவுதான். மிச்சம் இருந்தால் ரீஃபண்ட், பற்றாவிட்டால் கட்ட வேண்டும். நடுவில் வேலை மாறியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவைப் போல ஆண்டு முழுவதையும் மதிப்பிட்டுப் பிடிக்கும் முறையில், புது நிறுவனத்துக்குப் பழைய சம்பளம் தெரியாவிட்டால், அதுவும் கீழ் அடுக்குகளை முதலிலிருந்து தந்துவிடும். ஒரே வரியில்லா அடுக்கை இரண்டு முறை அனுபவித்தது போல ஆகி, ஆண்டு முடிவில் பாக்கி விழும்.

உங்கள் சீட்டில் எது மிகை என்று கண்டுபிடிக்க, போனஸ் மாதப் பிடித்தத்தில் வழக்கமான பிடித்தத்தைக் கழித்துப் போனஸால் வகுங்கள். ஆண்டு வருமானத்தின் உச்சி எந்த அடுக்கில் நிற்கிறதோ, அந்த வீதத்தோடு ஒப்பிடுங்கள். மாதத்தைத் தனியாகப் பார்க்கும் முறையில் வந்த எண் அந்த வீதத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் திரும்பும்.

'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சில இடங்களில் வருமானம் ஒரு கோட்டைத் தாண்டினால் சலுகை கரையத் தொடங்கும். பிரிட்டனில் 1,00,000 பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லாத தொகையில் 1 பவுண்டு குறைகிறது. 40% அடுக்கில் இருப்பவருக்கு அந்தப் பகுதியில் உண்மையான சுமை 60%. இது ஊகப் பிழை இல்லை, அப்படியே கட்ட வேண்டிய வரி. அங்கேயே சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீட்டுச் சந்தா, சாதாரண ஊழியர்களுக்கு ஒவ்வொரு சம்பளக் காலத்துக்கும் தனித்தனியாகவே கணக்கிடப்படுகிறது. அதை ஆண்டு முழுவதற்கும் கூட்டிச் சரிபார்ப்பதில்லை, ஆகவே போனஸ் மாதத்தில் விதிப்படி பிடித்த சந்தா அதோடு முடிந்தது.