எடை 64 கிலோதான், சர்க்கரை எப்படி வந்தது?

உயரம் 165 செ.மீ., எடை 64 கிலோ, வயது 38 என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் எழுதிய உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவருடைய பி.எம்.ஐ. 23.5. பல மருத்துவமனைச் சுவர்களில் தொங்கும் அட்டவணைப்படி 25 வரை சரியான எடை. பார்ப்பவர்களும் ஒல்லி என்றே சொல்வார்கள். ஆனால் பரிசோதித்தால் சர்க்கரை நோய். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை வம்சாவளியினரிடம் இது அடிக்கடி நடக்கிறது. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியர்களுக்கு, அதே ஊரில் வாழும் வெள்ளையர்களைவிடச் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது.

இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. பி.எம்.ஐ. 30 உள்ள வெள்ளையர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு எவ்வளவோ, அதே வாய்ப்பு தெற்காசியர்களுக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது என்று அது கணக்கிட்டது. நம்முடைய 165 செ.மீ. உயரக்காரருக்கு இதைக் கிலோவாக மாற்றிப் பாருங்கள். அதே உயரமுள்ள வெள்ளையர் ஏறக்குறைய 82 கிலோவில் நிற்கும் இடத்தில், இவர் 65 கிலோவில் நிற்கிறார். 17 கிலோ வித்தியாசம். அது எங்கே போனது என்பதுதான் கேள்வி.

பதிலின் பாதி, அந்த 64 கிலோவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யூட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2004-இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு ஒரு குறிப்பை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டியது. இரு நபர்களின் கணக்கை வைத்து ஓர் இனத்தைப் பற்றி முடிவு கட்ட முடியாது. ஆனால் பெரிய ஆய்வுகளிலும் இதே சாயல்தான் தெரிகிறது: ஒரே எடையில் தசை குறைவு, கொழுப்பு கூடுதல்.

தசை குறைந்தால் என்ன? சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொல்லி ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் இடங்களில் பெரியது தசைதான். அது சிறியதாக இருந்தால், சர்க்கரையைக் கொட்டிவைக்கும் பாத்திரமே சிறியது.

கொழுப்பின் அளவைவிட அது எங்கே தேங்குகிறது என்பது முக்கியம். கொழுப்பைப் பத்திரமாக வைக்கும் இடம் தோலுக்கு அடியில், குறிப்பாக இடுப்பு, தொடைப் பகுதியில் உள்ள அடுக்கு. அதை ஒரு நெற்குதிர் என்று வைத்துக்கொள்ளலாம். குதிர் பெரிதாக இருந்தால் எத்தனை மூட்டை வந்தாலும் கொள்ளும், வீட்டுக்குத் தொல்லை இல்லை. தெற்காசியர்கள் பலருக்கு இந்தக் குதிர் சிறியது என்றே சான்றுகள் காட்டுகின்றன. சீக்கிரம் நிறைந்துவிடுவதால், மிஞ்சியது குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்திலும் சேர்கிறது. கொழுப்பேறிய கல்லீரலுக்கு இன்சுலினின் பேச்சு சரியாகக் கேட்காது. இரவு முழுக்க அது தேவைக்கு மேல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றிலும் சர்க்கரை ஏறி நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதைச் சமாளிக்கக் கணையத்தின் பீட்டா செல்கள் கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டும். இங்குதான் வயது விஷயம் வருகிறது. சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், சர்க்கரை லேசாகவே ஏறியிருந்தவர்களிடமும் பீட்டா செல்களின் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. கையிருப்பு குறைவாக இருக்கும் வீட்டில் சின்னச் செலவும் கடனாகிவிடுவதுபோல, மற்றவர்கள் நெடுங்காலம் தாங்கும் சுமையை இவர்களால் அவ்வளவு காலம் தாங்க முடிவதில்லை.

குதிரும் கையிருப்பும் ஏன் சிறியவை? ஒரு பங்கு கருவறையில் தொடங்குகிறது. புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளிடம் தசையும் வயிற்று உறுப்புகளும் மிகவும் சிறுத்திருந்தன. முதுகில் தோலை மடித்து அளந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆக, ஒல்லியான உடலில் கூடுதல் கொழுப்பு என்ற அமைப்பு பிறக்கும்போதே இருக்கிறது. இன்னொரு பங்கு மரபணுவில். பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரை ஆராய்ந்ததில், இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் மரபு மாறுபாடுகளும் கொழுப்பைத் தப்பான இடத்தில் சேர்க்கும் மாறுபாடுகளும் அதிகமாகக் கொண்டவர்களுக்கு நோய் இளம் வயதில், குறைந்த எடையில் வந்திருந்தது. இனத்துக்கென்று ஒரு தனி நீரிழிவு மரபணு கிடையாது. எல்லா மக்களிடமும் உள்ள மாறுபாடுகளின் கூட்டுத்தொகைதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரே இனத்துக்குள்ளும் எல்லாரும் ஒரே அபாயத்தில் இல்லை.

இனி நம் 38 வயதுக்காரரிடம் திரும்புவோம். வெறும் வயிற்றில் அவருடைய சர்க்கரை 108. நோய் என்று சொல்ல 126 வேண்டும் என்பதால், ‘லேசாக இருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். அதே நாள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 212. இதற்கு எல்லை 200. கல்லீரல் இரவில் ஓரளவு சமாளித்திருக்கிறது. ஆனால் ஒரேயடியாக வந்த சுமைக்குப் பீட்டா செல்களும் தசையும் ஈடுகொடுக்கவில்லை. வெறும் வயிற்று அளவை மட்டும் நம்பினால் இப்படிப்பட்டவர்கள் தப்பிவிடுவார்கள். மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் எச்.பி.ஏ.1சி. 6.5-ஐத் தொட்டால் நோய். இதிலும் ஒரு சிக்கல்: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அறிகுறி இல்லாதவரிடம் ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, இன்னொரு சோதனையாலும் உறுதிப்படுத்த வேண்டும்.

ஒல்லியான இளைஞருக்குச் சர்க்கரை என்றவுடன், அது முதல் வகையோ என்ற சந்தேகமும் நியாயமானதே. அங்கே உடலின் எதிர்ப்பு சக்தியே பீட்டா செல்களை அழிக்கிறது. இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் தங்காது. அந்த அழிப்பின் அடையாளமான காட் எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும், உடலே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு சோதனையும் இரண்டையும் பிரித்துக்காட்ட உதவும். எடையை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்வது இரு பக்கமும் தவறாகும்.

எடை குறைப்பு இவருக்கும் உதவுமா? பிரிட்டனில் ராய் டெய்லர் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு 2023-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பி.எம்.ஐ. 27-க்குக் கீழே இருந்த 20 நோயாளிகளில் 14 பேர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்து, மருந்தில்லாமலே சர்க்கரை அளவை நோய் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். கல்லீரல் கொழுப்பும் கரைந்தது. நம்மவருக்கு அது ஆறு, ஆறரைக் கிலோ. ஆனால் பீட்டா செல்கள் முன்பே மெலிந்துபோனவர்களிடம், நோய் பல ஆண்டு பழையதாகிவிட்டவர்களிடம், இந்த வழி அவ்வளவு பலன் தராது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது அவசியமாகிறது. தெற்காசியர்களுக்கு எச்சரிக்கை எல்லை பி.எம்.ஐ. 23, இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. டேப்பைப் பேன்ட் கட்டும் இடத்தில் வைத்தால் பலருக்கு அது தொப்பைக்குக் கீழே போய்விடும், அளவு குறைந்துதான் தெரியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். 64 கிலோக்காரருக்கு அங்கே 93 வந்தால், அட்டவணை என்ன சொன்னாலும் அவரை இரண்டு மணி நேரச் சோதனைக்கு அனுப்பிவிடலாம்.