ஆர் ப்ரூட், அவுட்சைடர் ஆர்ட்: சொல் விளக்கம்

கலைப் படிப்பு இல்லாம, கலையுலகத்துக்கு வெளிய இருந்து செய்யுறவங்களோட படைப்பை அவுட்சைடர் ஆர்ட்னு இன்னைக்கு சகஜமா எழுதுறோம், ஆனா அந்தப் பேரு புழக்கத்துக்கு வந்ததே 1972-லதான். ராஜர் கார்டினல்னு ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர், அவர் எழுதின புத்தகத்தோட தலைப்பு அது. அவர் பேச வந்தது அதுக்கு முன்னாடியே ஃபிரெஞ்சுல ஆர் ப்ரூட்னு பேரு வச்சிருந்த கலையைப் பத்தி, ஆனா அந்த ஃபிரெஞ்சுப் பேரு ஆங்கில வாசகருக்கு எட்டாதுன்னு பதிப்பகம் நினைச்சதால அதுக்கு ஈடா அவுட்சைடர் ஆர்ட்னு வச்சாங்க. ஈடுன்னு சொன்னாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல. ப்ரூட்ங்கிறது படைப்பு எப்படி இருக்குன்னு சொல்லுது, அவுட்சைடர்ங்கிறது படைச்ச ஆள் எங்க நிக்கிறார்னு சொல்லுது. இந்த நகர்வுதான் இன்னைக்கு வரைக்கும் நடக்குற சண்டைக்கெல்லாம் வேர்.

முதல்ல ப்ரூட். 1945-ல ழான் துபுஃபேங்கிற ஃபிரெஞ்சு ஓவியர் சுவிட்சர்லாந்துக்குப் போய் மனநல விடுதிகள்ல இருந்தவங்க வரைஞ்சதைப் பார்த்து சேகரிக்க ஆரம்பிச்சார், ஆர் ப்ரூட்ங்கிற பேரும் அப்ப வச்சதுதான். (ஃபிரெஞ்சுல முதல் சொல்லோட கடைசி எழுத்து ஒலிக்காது, ரெண்டாவதுல ஒலிக்கும், அதனால ஆர் ப்ரூட்.) துபுஃபே ஒயின் வியாபாரக் குடும்பத்துல பிறந்தவர், அவரே பல வருஷம் ஒயின் வித்தவர். ஷாம்பெயின் பாட்டில்ல ப்ரூட்னு போட்டிருந்தா இனிப்புக்குன்னு சர்க்கரை ரொம்பக் கம்மியாத்தான் சேர்த்திருக்குன்னு அர்த்தம். அது அரைகுறையான ஒயின் இல்ல, முழுசா தயாரான ஒயின்தான்.

தமிழ்ல சட்டுனு கைக்கு வர்ற சொல் "கச்சா", ஆனா அது இங்க பொருந்தவே பொருந்தாது. கச்சா எண்ணெய்னு சொன்னா சுத்திகரிச்சாதான் உதவும்னு அர்த்தம், கச்சா கலைன்னு எழுதினா இதை யாராவது எடுத்துப் பண்படுத்தணும்ங்கிற தொனி வந்துடும், துபுஃபே சொன்னதுக்கு நேர் எதிர் அது. அவர் 1949-ல பாரிஸ்ல ரெனே த்ரூவான் கேலரியில வச்ச கண்காட்சிக்கு எழுதின கட்டுரையில சொன்னதோட சாரம் என்னன்னா, கலைப் படிப்போட வாசனை படாதவங்க, யாரையும் பார்த்து செய்யாம பொருள், உத்தி, தாளகதி எல்லாத்தையும் தனக்குள்ள இருந்தே எடுக்குறவங்க, அவங்க செய்யுறதுதான் உண்மையான கலை, மத்ததெல்லாம் பண்பாட்டுக் கலை, அதாவது படிச்சவங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்யுறது.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் மேல பண்பாட்டு வாசனை பட்டுச்சா இல்லையான்னு யார் முடிவு பண்றது? கஸ்தோன் ஷெசாக் கதையை எடுத்துக்கலாம், எனக்கு இந்த விஷயத்துலயே முக்கியமான ஆள் அவர்தான்.

ஷெசாக் 1910-ல பிறந்தவர், செருப்பு தைக்குற தொழில் பார்த்தவர், கலைப் பள்ளி எதுக்கும் போனதில்ல. 1937 வாக்குல பாரிஸ்ல இருந்தப்ப பக்கத்துல குடியிருந்தவங்க ஓட்டோ ஃப்ராய்ண்ட்லிக்னு ஒரு ஜெர்மன் ஓவியரும் அவரோட துணைவியாரும், அவங்க குடுத்த ஊக்கத்துல வரைய ஆரம்பிச்சார். அப்புறம் காசநோய், சிகிச்சை, கல்யாணம், மனைவி பள்ளி ஆசிரியை, அவங்களுக்கு வேலை கிடைச்ச மேற்கு ஃபிரான்ஸ் கிராமங்கள்லயே வாழ்க்கை போச்சு. கையில கிடைச்ச பழைய பலகை, ஓட்டைப் பாத்திரம், கூடை, எல்லாத்துலயும் முகம் வரைஞ்சார், தடிச்ச கறுப்புக் கோடு, நடுவுல தட்டையான நிறம். கூடவே கடிதம் எழுதினார், ஓயாம எழுதினார், பாரிஸ்ல இருந்த எழுத்தாளர்களுக்கும் துபுஃபேக்கும். துபுஃபேவுக்கு அவரை அவ்வளவு பிடிச்சுப்போய் 1947-ல ஷெசாக் பாரிஸ்ல வச்ச கண்காட்சிக்கு முன்னுரை எழுதினார், 1949 கண்காட்சியிலயும் சேர்த்துக்கிட்டார்.

பின்னாடி அதே துபுஃபே ஷெசாக்கை ஆர் ப்ரூட் பட்டியல்ல இருந்து எடுத்து "துணைத் தொகுப்பு"ன்னு ஒரு பக்க அறைக்கு மாத்திட்டார். காரணம், ஷெசாக்குக்கு கலையுலகம் தெரியும், அந்த ஆட்களோட பழக்கம் இருக்கு. அந்தப் பழக்கத்துல ஒரு பங்கு யாரால வந்தது? பாரிஸ் கண்காட்சிக்கு முன்னுரை எழுதினவரே துபுஃபேதானே. படம் அதே படம், பலகை அதே பலகை, அது மேல ஒரு கோடுகூட மாறல, பேரு மட்டும் மாறிடுச்சு. துபுஃபேயோ கொஞ்ச மாசம் ஓவியப் பள்ளியில படிச்சவர், நியூயார்க் கேலரியில தன் படங்களைக் காட்சிக்கு வச்சவர், முழுக்க உள்ளாள். யார் வெளியாள்னு தீர்ப்பு சொன்னது அந்த உள்ளாள்.

துபுஃபே தன் சேகரிப்பை 1971-ல சுவிட்சர்லாந்தோட லோசான் நகரத்துக்குக் குடுத்தார், அது 1976-ல அருங்காட்சியகமா திறந்துச்சு. அந்தப் பக்க அறைக்கு 1982-ல "புது உருவாக்கம்"ங்கிற அர்த்தத்துல ஒரு கௌரவமான பேரு வச்சாங்க. ஆனா அறை அறைதான்.

இதுக்குப் பக்கத்துல அடோல்ஃப் வோல்ஃப்லியை வச்சுப் பாருங்க. பெர்ன் பக்கத்து வால்டாவ் மனநல மருத்துவமனையில 1895-ல இருந்து 1930-ல சாகுற வரைக்கும் இருந்தவர், எழுத்தும் படமும் இசைக்குறியுமா ஏறக்குறைய 25,000 பக்கம் விட்டுட்டுப் போனவர். விற்பனைக்காகச் செய்யாதவங்கதான் ஆர் ப்ரூட்னு ஒரு நிபந்தனை சொல்வாங்க, ஆனா வோல்ஃப்லி தனித்தாள் படங்கள் போட்டு வித்தார், வண்ணப் பென்சிலுக்கும் புகையிலைக்கும். அந்த வகைப் படத்துக்கு "ரொட்டிக் கலை"ன்னே பேரு இருக்கு. வித்தும் அவர் ஆர் ப்ரூட்டோட நடு நாயகம், கடிதம் எழுதின ஷெசாக் வெளியே. நிபந்தனை ஆளுக்கு ஆள் மாறுது, ஏன்னா அது படத்தைப் பார்த்துப் போட்டது இல்ல, ஆளோட வாழ்க்கையைப் பார்த்துப் போட்டது. நோய், தனிமை, வறுமை எவ்வளவுன்னு பார்த்து படத்துக்கு மார்க் போடுறது எனக்குச் சரியாப் படல.

ஹைடல்பெர்க்ல ஹான்ஸ் ப்ரின்ஸ்ஹார்ன்னு ஒரு மருத்துவர், 1922-லயே நோயாளிகளோட படைப்புகள் பத்தி பெரிய புத்தகம் போட்டவர், அவர் கலைங்கிற சொல்லையே தலைப்புல தவிர்த்தார். கலைன்னு சொன்ன உடனே இது கலை, அது இல்லன்னு மதிப்பீடு உள்ள வந்துடுதுன்னு, "உருவம் செய்தல்"னு பொருள் வர்ற ஜெர்மன் சொல்லை வச்சார். இந்த நிதானம் துபுஃபேகிட்ட இல்ல.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? நாட்டுப்புறக் கலைன்னு சொல்லக்கூடாது, அதுக்கு மரபும் சமூகமும் இருக்கு, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் கத்துக்குறது. பண்படாக் கலைங்கிறது சொல்லளவுல துபுஃபே வச்ச எதிர்நிலைக்கு அப்படியே பொருந்துது, பண்பாடும் பண்படுதலும் ஒரே வேர்தானே, ஆனா காதுக்கு வசவா விழும். சுயம்புங்கிறது தானே கத்துக்கிட்டவங்களுக்கு நல்ல சொல், யாரோட கையும் படலன்னு நம்ப வைக்கிறதுதான் சிக்கல், ஷெசாக்குக்கு ஃப்ராய்ண்ட்லிக் இருந்தாரே.

ஆர் ப்ரூட்டுக்கு என் தேர்வு "பச்சைக் கலை". பச்சைத் தண்ணின்னு சொன்னா எதுவும் செய்யாத தண்ணி, ஆனா குறையுள்ள தண்ணி இல்ல, அந்தப் பொருள் வருது. சுற்றுச்சூழல் சமாச்சாரம்னு குழப்பம் வரும், அதனால முதல் தடவை ஆர் ப்ரூட்னு சேர்த்து எழுதணும், அதுவும் துபுஃபே சேகரிப்பைப் பத்தி பேசும்போது மட்டும். அவுட்சைடர் ஆர்ட்டுக்கு "வெளியாள் கலை"ன்னு அப்பட்டமா எழுதலாம், விளிம்புக் கலைன்னு மெழுகுறதைவிட இது மேல், படிக்கிறவங்க உடனே எதுக்கு வெளியேன்னு கேப்பாங்க. ஆளைப் பத்தி எழுதும்போது ரெண்டுமே வேணாம். "ஷெசாக், செருப்புத் தொழிலாளி, ஓவியர், பக்கத்து வீட்டு ஓவியரோட ஊக்கத்துல 1937 வாக்குல தொடங்கினவர், 1949-ல துபுஃபே ஆர் ப்ரூட்ல சேர்த்தார், பிறகு எடுத்தார்"னு நடந்ததை எழுதினா போதும். அவர் தன் வேலைக்கு வச்ச பேரையும் கூட சேர்த்துக்கலாம்: "நவீன கிராமிய ஓவியம்".