எக்ஸிபிட் ஏ காலியாக இருந்தது

சென்ற வருடத் தடைக்காலத்தில் பாம்பனிலிருந்து ஒரு தம்பி ராமநாதபுரத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். அப்பாவின் விசைப்படகு கரையில் நின்றுகொண்டிருந்தது. இவர் கடலுக்குப் போகிறவர் இல்லை. வீட்டிலிருந்தே வெளிநாட்டு க்ளையன்ட்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர். கையில் பதினொரு பக்க ஒப்பந்தமும் ஒரு மின்னஞ்சலின் நகலும் கொண்டுவந்திருந்தார். அமெரிக்க நிறுவனம் ஒன்று அனுப்பிய மின்னஞ்சல் அது. நீங்கள் விற்கும் ஆப்பில் எங்களுக்குச் சொந்தமான கோட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

“அக்கா, அது நான் எழுதுன கோடு. அவங்க வேலையை எடுக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதுனது. அது எப்படி அவங்களோடது ஆகும்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாம்பனில் அவருடைய மாமா மீன் ஏலம் எடுப்பவர். நண்டு, கணவாய், இறால் எடைகளை போனிலேயே பதிந்துகொள்ள மாமாவுக்காக ஒரு சின்ன ஆப் செய்திருந்தார். கரையில் சிக்னல் வரும், போகும். அதனால் எடைகளை முதலில் போனுக்குள் சேமித்து, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பி, இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தியிருந்தால் எது சரி என்று தீர்த்துக்கொள்ளும் ஒரு மாட்யூலை எழுதியிருந்தார். பிறகு அந்த நிறுவனத்தின் வேலை வந்தது. சிக்னல் இல்லாத குளிர்பதனக் கிடங்குகளில் ஆய்வு செய்கிறவர்களுக்கான ஆப். தன் மாட்யூலை அப்படியே எடுத்து அதில் வைத்தார். நான்கு மாதம் அதை மெருகேற்றினார். வேலை முடிந்ததும், மெருகேறிய மாட்யூலைத் திருப்பி எடுத்து ஏல ஆப்பில் போட்டு, தங்கச்சிமடம் வியாபாரிகளுக்கு விற்க ஆரம்பித்தார்.

ஒப்பந்தத்தைப் படித்தேன். முதல் கேள்வி, கோட் யாருடையது என்பது. இங்கே பேசுவது பதிப்புரிமையைப் பற்றி. காப்புரிமை என்று பலரும் சொல்கிறார்கள், அது பேட்டன்ட், வேறு விஷயம். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, உரிமை முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்ஸர் ஊழியர் இல்லை. பணம் கொடுத்துச் செய்யச் சொன்னாலே சொன்னவருக்கு உரிமை போகும் என்ற விதிவிலக்கும் அதே பிரிவில் உண்டு. ஆனால் அது புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கு வேலை, திரைப்படம் ஆகியவற்றுக்குத்தான். மென்பொருள் அதில் இல்லை. ஆக, ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் தம்பி எழுதிய கோட் தம்பியுடையது.

இது அமெரிக்க வழக்கறிஞர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவர்களுடைய ஒப்பந்தங்களில் ‘ஒர்க் மேட் ஃபார் ஹையர்’ என்ற தொடர் முதலில் வருகிறது. அதைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள்; கூலிக்குச் செய்த வேலை, எல்லாம் போச்சு என்று. உண்மையில் அந்தத் தொடர் தனியாக நின்றால் அவ்வளவு பலமில்லாதது. அமெரிக்கச் சட்டத்திலேயே ஊழியர் அல்லாதவர் செய்த படைப்பு இந்த வகைக்குள் வர, சட்டம் பட்டியலிட்ட ஒன்பது வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தில் கையெழுத்தும் வேண்டும். மொழிபெயர்ப்பு, பாடநூல், வரைபடத் தொகுப்பு, திரைப்படத்தின் ஒரு பகுதி போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. மென்பொருள் தனி வகையாக இல்லை. 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சிற்பியின் வழக்கைத் தீர்த்தது. வீடற்றோருக்கான அமைப்பு ஒன்று சிலை செய்யச் சொன்னது. அவர் தன் பட்டறையில், தன் கருவிகளை வைத்துச் செய்து கொடுத்தார். அமைப்பு யோசனை சொல்லியிருந்தும், பணம் கொடுத்திருந்தும், அவர் ஊழியர் இல்லை, அதனால் அந்தத் தொடர் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் ஏன் அதை எழுதுகிறார்கள்? அடுத்த வாக்கியத்துக்காக. ‘ஏதேனும் காரணத்தால் இது அவ்வகையில் சேராவிட்டால், ஒப்பந்தக்காரர் தன் உரிமைகள் அனைத்தையும் இதன்மூலம் நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கிறார்’ என்று அது தொடரும். உரிமையை உண்மையில் எடுத்துச்செல்வது இந்த இரண்டாவது வாக்கியம். இதைத்தான் அசைன்மென்ட் என்கிறார்கள். கொடுக்கப்பட்ட வேலை என்ற பொருளில் அந்தச் சொல்லைப் பழகிய டெவலப்பர்கள், ஒப்பந்தத்தில் அதைப் பார்த்ததும் வேலை விவரம் என்று நினைத்துத் தாண்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உரிமை மாற்றம் என்று படியுங்கள். வீட்டுப் பத்திரத்தில் கிரயம் என்ற சொல்லுக்கு இருக்கும் எடை இதற்கும் உண்டு.

தம்பியின் ஒப்பந்தத்தில் இந்த வாக்கியம் இருந்தது. எழுத்தில் இருக்கிறது, போனில் தொட்டு அவர் போட்ட கையெழுத்தை அவரே மறுக்கவில்லை. இந்தியச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் எழுதுபவருக்குச் சில காப்புகள் உண்டு. கால அளவு குறிப்பிடாவிட்டால் மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் இவருடையதில் ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்தக் கதவு மூடியாயிற்று.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: எதையெல்லாம் மாற்றிக்கொடுத்தார்? அது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், வரையறைகளில் இருந்தது. ‘பணிப் பயன்’ என்பதற்கு அவர்கள் கொடுத்த பொருள்: இந்த வேலைக்காக உருவாக்கியவை, அத்துடன் ஒப்படைக்கும் பொருளில் சேர்க்கப்பட்டவை, எக்ஸிபிட் ஏ-யில் பட்டியலிட்ட முந்தைய படைப்புகள் தவிர. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எக்ஸிபிட் ஏ என்ற தலைப்பு. அதன் கீழே வெற்றிடம்.

“அது ஃபார்ம்னு நெனச்சு விட்டுட்டேன் அக்கா. அவங்களும் எதுவும் கேக்கல.”

கேட்க மாட்டார்கள். காலியாக விட்டால், என்னிடம் முந்தைய படைப்பு எதுவும் இல்லை என்று அவரே சொன்னதாக எழுதிய வரியும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது.

கீழக்கரை, மண்டபம் பக்கம் வள்ளம் கட்டும் ஓடாவிகளைப் பார்த்திருப்பீர்கள். வள்ளம் முடிந்ததும் அது கட்டச் சொன்னவருடையது. உளியும், அளவெடுக்கும் பலகையும், பல வருடமாக வைத்திருக்கும் அச்சுகளும் ஓடாவியோடு திரும்பிவிடும். யாரும் அதை எழுதிக்கொள்வதில்லை, இரண்டு பக்கமும் தெரியும். கோட்டில் உளி வள்ளத்துக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. எது உளி என்று எழுதிவைத்தால்தான் பிரியும்.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? முதலில், மாட்யூல் ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்தது என்பதைக் காட்ட அவருடைய பழைய கோப்பகத்தின் வரலாற்றை எடுக்கச் சொன்னேன்.

```
git log --reverse --date=short --format="%ad %h %s"
```

முதல் கமிட், ஒப்பந்தத் தேதிக்கு இரண்டு வருடம் முந்தையது. கிட் காட்டும் தேதியை எழுதுபவரே மாற்றிவிட முடியும் என்பதால் அது மட்டும் போதாது. மாமாவின் போனுக்கு அந்த ஆப்பை அனுப்பிய பழைய மின்னஞ்சல்கள் சேர்ந்ததும் கதை உறுதியானது. இது சட்டப்படி ஒப்பந்தத்தை உடைக்கும் ஆதாரம் இல்லை. ‘சேர்க்கப்பட்டவை’ என்ற சொல் பழைய மாட்யூலையும் இழுத்துக்கொண்டதாக அவர்கள் வாதாடலாம், அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு இது உதவியது. அவர்களுக்கு வேண்டியது தங்கள் ஆப்பில் இருக்கும் கோட் மீது சந்தேகமில்லாத உரிமை. ஏல ஆப் அவர்களுக்குப் போட்டியும் இல்லை.

ஆகவே இரண்டு பக்கத்தில் ஒரு துணை ஒப்பந்தம் கேட்டோம். மாட்யூல் மீதான அவர்களுடைய உரிமையை இவர் மறுபடி உறுதிசெய்கிறார். பதிலுக்கு அந்த மாட்யூலை, மெருகேறிய வடிவத்தையும் சேர்த்து, எந்தத் தொகையும் இல்லாமல் எப்போதும் எங்கும் பயன்படுத்த, திருத்த, தன் ஆப்போடு விற்க அவர்கள் இவருக்கு உரிமம் தருகிறார்கள். இதை லைசென்ஸ் பேக் என்பார்கள். மூன்று வாரம் மின்னஞ்சல் போய்வந்து ஒப்புக்கொண்டார்கள். இதன் எல்லையையும் அவரிடம் சொல்லிவிட்டேன்: இனி அந்த மாட்யூலை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் தடுக்கும் உரிமை இவரிடம் இல்லை, நிறுவனத்திடம்தான். மாட்யூலை மட்டும் தனியாக ஒருவருக்கு விற்கவும் முடியாது.

அவர்கள் மறுத்திருந்தால் இன்னொரு வழி இருந்தது. பதிப்புரிமை எழுதப்பட்ட கோட்டுக்குத்தான், யோசனைக்கு இல்லை. சிக்னல் இல்லாதபோது சேமித்து, பிறகு இணைக்கும் முறையை யாரும் புதிதாக எழுதலாம். ஆனால் இவருடைய ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தது. பழைய கோட்டைப் பார்த்துக்கொண்டே எழுதினால் அது புதிது என்று நிரூபிப்பதும் கடினம். மாதக்கணக்கான வேலை.

பணத்தைப் பற்றி ஒன்று. மூன்று தவணை, ஒவ்வொன்றும் 800 டாலர். மூன்றாவது தவணை வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. பணம் தராதவரை கோட் என்னுடையதுதானே என்று கேட்டார். இல்லை. ‘இதன்மூலம் மாற்றிக்கொடுக்கிறார்’ என்று எழுதினால், எதிர்காலப் படைப்பாக இருந்தாலும் அது உருவான கணமே உரிமை போய்விடுகிறது. பாக்கி என்பது வெறும் கடன். அந்தக் கடனுக்காக 800 டாலரை வசூலிக்க அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் யார் வழக்குப் போடுவார்கள்? துணை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கேட்டதால்தான் அந்தத் தவணை வந்தது. உரிமை மாற்ற வாக்கியத்தின் முன்னால் ‘அந்தத் தவணைக்கான முழுத் தொகையும் பெற்றவுடன்’ என்று ஐந்து சொற்கள் இருந்திருந்தால் கதையே வேறு. அதைக் கேட்டால் க்ளையன்ட் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு ஒப்புக்கொள்கின்றன; ஒப்புக்கொள்ளாதவர்கள் எப்படிப் பணம் தருவார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது.

தம்பிக்கு இந்த ஆடியில் அடுத்த ஒப்பந்தம் வந்தது. அதே மாதிரி விதிகள், வேறு நிறுவனம். இந்த முறை கையெழுத்துக்கு முன்பே வந்தார். ‘சேர்க்கப்பட்டவை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘இந்த வேலைக்காகப் புதிதாக எழுதியவை’ என்று மாற்றக் கேட்டோம். முந்தைய படைப்புகள் அவரிடமே இருக்கும், நிறுவனத்துக்கு அவற்றைத் தங்கள் ஆப்பில் பயன்படுத்த நிரந்தர உரிமம் மட்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். எக்ஸிபிட் ஏ-யில் அவர் இரண்டு வரி எழுதினார். அவருடைய படிவ நூலகத்தின் பெயர், கடைசிக் கமிட்டின் முழு எண். அச்சிடும் மாட்யூலின் பெயர், அதன் எண். மூன்றாவதாக இணைப்பு மாட்யூலையும் எழுதப்போனார், நிறுத்தினேன். அது இப்போது அவருடைய முந்தைய படைப்பு இல்லை, பழைய நிறுவனத்தின் உரிமத்தில் அவர் பயன்படுத்துவது. அதைப் புது க்ளையன்ட்டுக்குக் கொடுக்க அந்த உரிமம் இடம் தரவில்லை. அந்த ஆப்புக்கு ஆஃப்லைன் வசதி வேண்டுமென்றால் புதிதாக எழுத வேண்டும், அதற்குத் தனியாக மூன்று வாரம் கணக்குப் போட வேண்டும் என்று க்ளையன்ட்டுக்கு அன்றே எழுதினார்.