கொரஸ்பொண்டன்ட் வங்கி: அந்த 20 டொலர் எங்கே போனது?

கனடாவிலிருந்து தம்பி 500 அமெரிக்க டொலர் அனுப்பினான், அம்மாவின் கணக்குக்கு 480 டொலருக்கான ரூபாய்தான் வந்தது. ஹட்டன் கிளையில் கேட்டபோது "கொரஸ்பொண்டன்ட் பேங்க் வெட்டியிருக்கும்" என்றார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை.

கொரஸ்பொண்டன்ட் என்ற சொல்லின் வேர் இலத்தீன். 'ஒருவருக்கொருவர் பதில் சொல்வது' என்ற பொருளில் தொடங்கி, கடிதம் எழுதிக்கொள்பவரைக் குறிக்க வந்தது. தூர ஊரிலிருந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவரும் கொரஸ்பொண்டன்ட்தான், அவரைத் தமிழில் நிருபர் என்கிறோம். நிருபம் என்றால் கடிதம், பைபிளில் பவுலின் நிருபங்கள் என்று வருகிறதே, அதே சொல். அப்படிப் பார்த்தால் 'நிருபர் வங்கி' என்ற மொழிபெயர்ப்பு வேருக்குச் சரியாகத்தான் பொருந்தும், ஆனால் இன்று அதைக் கேட்கிறவருக்குப் பத்திரிகைக்காரர்தான் நினைவுக்கு வருவார். 'முகவர் வங்கி' என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே நடப்பது முகவர் வேலையை விடக் கணக்கு உறவு.

எப்படியென்றால், டொலர் எதுவும் கடல் தாண்டி வருவதில்லை. கொழும்பு வங்கி நியூயோர்க்கில் உள்ள ஒரு வங்கியில் தன் பெயரில் ஒரு டொலர் கணக்கு வைத்திருக்கும். அந்த நியூயோர்க் வங்கிதான் கொழும்பு வங்கியின் கொரஸ்பொண்டன்ட். அந்தக் கணக்கை நொஸ்ட்ரோ கணக்கு என்பார்கள், இத்தாலிய மொழியில் 'எங்களுடையது' என்று பொருள். தம்பியின் வங்கி, வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் ஒரு செய்தி அனுப்புகிறது, நியூயோர்க்கில் ஒரு கணக்கில் குறைத்து இன்னொரு கணக்கில் கூட்டுகிறார்கள், அதைப் பார்த்துக் கொழும்பு வங்கி அம்மாவுக்கு ரூபாய் வரவு வைக்கிறது. அதனால் 'கணக்குறவு வங்கி' என்பதே என் தெரிவு. குறிப்பிட்ட ஒரு அனுப்புகையில் நடுவில் நிற்கிற வங்கியை 'இடை வங்கி' என்றால் போதும். ஒரு பாதையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடை வங்கிகளும் இருக்கலாம், ஒவ்வொன்றும் தன் கூலியை எடுக்கலாம்.

வழியில் எவ்வளவு வெட்டினார்கள் என்பது ஊகமில்லை, அந்த ஸ்விஃப்ட் செய்தியிலேயே எழுதியிருக்கும். அம்மாவின் பணத்துக்கு வந்த செய்தியின் நகலைக் கிளையில் வாங்கிப் பார்த்தேன், இவைதான் முக்கியமான வரிகள்:

```
:32A:250512USD480,
:33B:USD500,
:71A:SHA
:71F:USD20,
```

33B அனுப்பச் சொன்ன தொகை, 32A வந்து சேர்ந்த தொகை, 71F வழியில் கழித்த கட்டணம். 71A-யில் உள்ள SHA என்றால் செலவு இரு தரப்புக்கும்: தம்பி தன் வங்கிக்குத் தனியாகக் கட்டியதோடு, இடை வங்கியின் கூலி அம்மாவின் தொகையில் கழிந்துவிட்டது. OUR என்று போட்டிருந்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது, அப்போதும் சிலவேளை வெட்டு விழுவதுண்டு. BEN என்றால் எல்லாம் பெறுபவர் தலையில். 2025 நவம்பரோடு இந்தப் பழைய செய்தி வடிவம் மாறிவிட்டது. புதியதில் இதே மூன்றும் SHAR, DEBT, CRED என்று வரும்.

அப்புறம் தாமதம். தம்பி அனுப்பியது 2025 மே 9, வெள்ளி பின்னேரம். சனி, ஞாயிறு எங்கும் அசையவில்லை. திங்கள் நியூயோர்க்கில் வேலை நாள், அங்கே முடிந்துவிட்டது, ஆனால் இங்கே அன்று வெசாக் போயா, செவ்வாயும் விடுமுறை. புதன்கிழமை கொழும்பு திறந்தபோது வேறொன்றில் மாட்டியது: அம்மாவின் பாஸ்புக்கில் `Letchumy`, தம்பி அடித்தது `Lakshmi`. எங்கள் தோட்டங்களில் ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும், அடையாள அட்டையில் ஒன்றாகவும், பாஸ்புக்கில் இன்னொன்றாகவும் இருப்பது சாதாரணம். கணக்கு இலக்கம் சரியாக இருந்தாலும் பெயர் பொருந்தாவிட்டால் வங்கி பணத்தை நிறுத்தி வைத்து, வந்த வழியிலேயே திரும்பிக் கேள்வி அனுப்பும். கனடா வங்கி திருத்தம் அனுப்பி, அது நியூயோர்க் வழியாக வந்து சேர அடுத்த செவ்வாய் ஆகிவிட்டது. அம்மா அந்த ஒரு வாரமும் கூரைத் தகரக் கடைக்காரரிடம் நாள் சொல்லிச் சொல்லிக் கூனிக்குறுகிப் போனார், எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

கிளையில் "இன்னும் வரவில்லை" என்றார்கள் என்றால், அனுப்பியவரிடம் UETR என்ற 36 எழுத்து அடையாளத்தை வாங்குங்கள். அவருடைய வங்கி அதைக் கொடுக்கும், நடுவில் கோடுகளோடு நீளமாக இருக்கும். அதை வைத்து இங்குள்ள வங்கியால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட முடியும். அந்த இலக்கம் கிடைத்த பிறகுதான் எங்கள் பணம் கொழும்பிலேயே பெயருக்காக நிற்கிறது என்று தெரிந்தது, அதுவரை தம்பி ரொறன்ரோவில் தன் வங்கியோடுதான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.