மூன்று புகார், மூன்று தீர்வு, அதே சாக்கடை

போன வாரமும் ஒரு மாதாந்திர அறிக்கையைத் தணிக்கை செய்தேன். சென்னையில் ஒரு பகுதி அலுவலகம், பெயர் வேண்டாம். கழிவுநீர்ப் புகாரை 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. அநேகமாக எல்லாமே கெடுவுக்குள் முடிந்திருந்தன. ஆனால் ஒரே வீட்டு முகவரி 11 நாளில் மூன்று முறை வந்திருந்தது. மூன்றுக்கும் எதிரே ஒரே வரி: ‘அடைப்பு நீக்கப்பட்டது.’

நேரில் போனேன். மேன்ஹோல் பொங்கித் தெருவெல்லாம் சாக்கடை. உள்ளே குழாய் உடைந்து மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. லாரி வந்து அடைப்பெடுத்தால் மூன்று நாள் ஓடும், பிறகு பழையபடிதான். குழாயை மாற்ற எஸ்டிமேட் போட்டு, ஒப்புதல் வாங்கி, சாலை வெட்ட அனுமதியும் வாங்க வேண்டும். இதில் எது 48 மணி நேரத்தில் நடக்கும்? ஊழியர்கள் தங்கள் கைக்கு எட்டியதைச் செய்துவிட்டுப் புகாரை மூடினார்கள். கணக்கில் மூன்று தீர்வு. உள்ளதை உள்ளபடி எழுதித் திறந்தே வைத்திருந்தால் இளநிலைப் பொறியாளரான ஜே.இ.க்கு மெமோ வந்திருக்கும்.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் வரும் பதில்: “ஆளுங்க சரியில்ல சார், 24 மணி நேரமாக்கிடுவோம்.” கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். 24 ஆக்கினால் குழாய் சீக்கிரம் மாறாது, புகார்தான் சீக்கிரம் மூடப்படும். புகாரை மூடுவது வேறு, கோளாறு தீர்வது வேறு. கெடு ஓடுவது ஜே.இ.க்கு, பணம் ஒதுக்கும் அதிகாரம் அவருக்கு மேலே இருக்கிறது. அவரை எவ்வளவு விரட்டினாலும் அந்த அதிகாரம் அவர் கைக்கு வராது.

அரசைத் தனியார் நிறுவனம்போல இலக்கு வைத்து நடத்தும் இந்தப் போக்கை ‘புதிய பொது மேலாண்மை’ என்ற பெயரில் 1991-ல் அலசியவர் பிரிட்டனின் பொது நிர்வாகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஹுட். 2006-ல் அவரும் க்வின் பெவனும் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையைப் பற்றி எழுதினார்கள். உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு ஆம்புலன்ஸ் 8 நிமிடத்தில் சேர வேண்டும் என்பது அப்போது அங்கே இலக்கு. சில இடங்களில் வண்டி சேர்ந்த நேரங்களை வரைந்து பார்த்தால் 8 நிமிடத்துக்குச் சற்று முன்னால் பெரிய குவியல், அதைத் தாண்டியதும் திடீர்ச் சரிவு. வண்டிகள் அப்படி ஓடுவதில்லை, பதிவுகள்தான் திருத்தப்பட்டிருந்தன. இலக்கு வைத்ததால் மருத்துவமனைக் காத்திருப்பு குறைந்ததை அவர்கள் மறுக்கவில்லை. அறிக்கையில் எவ்வளவு நிஜம் என்று சரிபார்க்க ஏற்பாடு போதவில்லை என்பதே அவர்கள் கண்ட குறை.

ஆகவே அதிகாரிகளே, சராசரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முடித்த நேரங்களை வரைந்து பாருங்கள். 46, 47-ஆம் மணியில் குவிந்திருந்தால் விசாரியுங்கள். 30 நாளுக்குள் அதே முகவரி திரும்பினால் அது புதுப் புகார் அல்ல, பழையதுதான் என்று சேருங்கள். மூடியவரையே ‘சரியாகிவிட்டதா’ என்று கேட்காதீர்கள், புகார் தந்தவருக்குப் போன் செய்யுங்கள். சாலையை வெட்டாமல் தீராது என்று ஜே.இ. எழுதினால், தயவுசெய்து அதைத் தாமதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றிலிருந்து கெடு ஒப்புதல் தர வேண்டியவர் பெயரில் ஓடட்டும்.