பிபிஎம் கணக்கு சரியாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் கட் எல்லாம் போகப்போக நழுவுது?

எடிட் பண்ண ஆரம்பிக்கிறவங்க அனுப்புற மான்டாஜ்கள்ல ஒரே பிரச்சனையை திரும்பத் திரும்ப பார்க்கறேன். முதல் ரெண்டு பார், அதாவது எட்டு பீட், கச்சிதமா தாளத்துல விழும், அப்புறம் மெதுவா லேட்டாகும், பத்து செகண்ட் தாண்டினா கட் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம்னு போயிரும். ப்ராஜெக்ட்டை திறந்து பார்த்தா காரணம் உடனே தெரியும், எல்லா ஷாட்டும் ஒரே நீளம். டெம்போவை கண்டுபிடிச்சு, ஒரு பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம்னு கணக்கு போட்டு, அந்த நீளத்துல ஒவ்வொரு ஷாட்டையும் வெட்டி வரிசையா அடுக்கிருக்காங்க. கணக்கு தப்பில்லங்க, அதை ரவுண்ட் பண்ண விதம்தான் தப்பு.

ஒரு கேஸ் எடுத்துப்போம். பாட்டு 128 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 128 பீட், டைம்லைன் செகண்டுக்கு 25 ஃப்ரேம். ஃபார்முலா இதுதான்:

```
60 / BPM * fps
60 / 128 * 25 = 11.72
```

பதினொன்னே முக்கால் ஃப்ரேம்னு ஒரு ஷாட்டை வெட்ட முடியாது, முழு ஃப்ரேம்தான் முடியும், அதனால 12-ன்னு வெச்சுக்கறாங்க. ஒவ்வொரு ஷாட்லயும் கால் ஃப்ரேமுக்கு கொஞ்சம் மேல கூடுது, ஒன்னு ரெண்டு ஷாட்ல யாருக்கும் தெரியாது. ஆனா இது சேர்ந்துகிட்டே போகும். நாலு பார் முடியும்போது நாலரை ஃப்ரேம் லேட், எட்டு பார் முடியும்போது, அதாவது 15-வது செகண்ட்ல, 9 ஃப்ரேம் லேட். இதுல ரொம்ப ஏமாத்துற இடம் 20-வது செகண்ட். அங்க 42-வது கட் சரியா 43-வது பீட் மேல போய் உக்காரும், திடீர்னு எல்லாம் சிங்க் ஆன மாதிரி கேட்கும், உடனே நடுவுல ஏதோ பாட்டுதான் அப்படி இருக்கு போலன்னு விட்டுடுவாங்க. உண்மையில ஒரு முழு பீட் பின்தங்கியாச்சு. பாரோட முதல் பீட்ல வரணும்னு வெச்ச முக்கியமான ஷாட் இப்ப ரெண்டாவது பீட்ல விழுது, பார்க்கறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது, ஆனா வேகம் செத்துப்போன மாதிரி இருக்கும்.

இதுக்கு தீர்வு, நீளத்தை கணக்கு போடறதை விட்டுட்டு இடத்தை கணக்கு போடறது. ஒவ்வொரு பீட்டும் முதல் பீட்ல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்து, அந்த எண்ணை தனித்தனியா ரவுண்ட் பண்ணணும். இந்த பாட்டுல அது 0, 12, 23, 35, 47-ன்னு வரும். ஷாட் நீளம் 12, 11, 12, 12. இப்படி பண்ணா எந்த கட்டும் அரை ஃப்ரேமுக்கு மேல தப்பாது, பாட்டு எவ்வளவு நீளமா இருந்தாலும் தப்பு சேராது. மார்க்கர் நமக்கு செஞ்சு குடுக்கற வேலையே இதுதான், ஒவ்வொரு மார்க்கரும் பாட்டுல ஒரு இடத்தை பிடிச்சுக்கும், முந்தின ஷாட் எவ்வளவு நீளம்ங்கறது அதுக்கு தேவையே இல்ல.

மார்க்கர் போடும்போது நான் எல்லா பீட்டுக்கும் போட மாட்டேன், ஒவ்வொரு பாரோட முதல் பீட்டுக்கு மட்டும் ஒரு கலர், எட்டு பாருக்கு ஒரு தடவை பாட்டு மாறுற இடத்துல வேற கலர். எல்லா பீட்லயும் மார்க்கர் இருந்தா கை தானா எல்லாத்துலயும் வெட்டிரும், அரை நிமிஷத்துல பார்க்கறவங்க களைச்சுருவாங்க. பாட்டு க்ளிப்பை செலக்ட் பண்ணிட்டு `M` அழுத்துங்க, பிரீமியர் ப்ரோலயும் டாவின்சி ரிசால்வ்லயும் அப்பதான் மார்க்கர் க்ளிப் மேல ஒட்டும். செலக்ட் பண்ணலைன்னா டைம்லைன் மேல போயிரும், நாளைக்கு பாட்டை ரெண்டு செகண்ட் தள்ளி வெச்சா மார்க்கர் எல்லாம் பழைய இடத்துலயே நிக்கும்.

பாட்டை ஓடவிட்டு தட்டின மார்க்கரை அப்படியே நம்பாதீங்க. கை கொஞ்சம் முந்தும் இல்ல பிந்தும், அது போக ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தா சவுண்ட் காதுக்கு வர்றதே பல ஃப்ரேம் லேட்டா வரலாம், எல்லா மார்க்கரும் ஒரே அளவு தள்ளிப்போய் விழும். இந்த வேலைக்கு வயர் ஹெட்ஃபோன்தான் சரி. தட்டி முடிச்சதும் வேவ்ஃபார்மை நல்லா ஜூம் பண்ணி, கிக் சவுண்ட் செங்குத்தா எழும்ப ஆரம்பிக்கிற புள்ளிக்கு மார்க்கரை இழுத்து வைங்க. அலையோட உச்சியில வெச்சீங்கன்னா லேட்டாயிரும்.

டெம்போ எண்ணையும் ஒரு தடவை சோதிச்சுக்கணும். ஆப் காட்டுற எண் சில நேரம் பாதியாவோ இரட்டிப்பாவோ இருக்கும், 70-ன்னு காட்டும், காதுக்கு 140-ஆ கேட்கும், அது கண்டுபிடிக்க ஈஸி. கஷ்டம் என்னன்னா 127.6-ஐ 128-ன்னு காட்டுறது. பாட்டோட முதல் டவுன்பீட்லயும், அதாவது முதல் பாரோட முதல் பீட்லயும், 32 பார் தள்ளி வர்ற டவுன்பீட்லயும் மார்க்கர் வெச்சு நடுவுல எத்தனை செகண்ட்னு பாருங்க. 128-ஆ இருந்தா 128 பீட்டுக்கு சரியா 60 செகண்ட் வரணும், 127.6-ஆ இருந்தா கிட்டத்தட்ட 5 ஃப்ரேம் கூட வரும். நடுவுல இருக்கற பார்களும் ஒன்னுக்கொன்னு சமமா இல்லைன்னா அது மெட்ரோனோம் க்ளிக் இல்லாம லைவா வாசிச்ச பாட்டு, ட்ரம்மர் கோரஸ்ல கொஞ்சம் ஓடுவார், அதுக்கப்புறம் நிதானமாவார். அந்த மாதிரி பாட்டுக்கு ஃபார்முலாவை மூடி வெச்சுட்டு ஒவ்வொரு பாரையும் காதால கேட்டு மார்க் பண்றதுதான் ஒரே வழி.

இவ்வளவும் சரியா இருந்தும் சில கட் லேட்டா தெரியும். நான் பெரும்பாலும் கட்டை பீட்டுக்கு ஒரு ஃப்ரேம், சில சமயம் ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வெப்பேன், புது படத்தை கண்ணு பிடிக்கறதுக்கு கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனா ஷாட்டுக்குள்ளயே ஒரு அடி இருந்தா கட்டை பீட்ல வெக்கவே வேண்டாம், அடியை பீட்ல வைங்க. ஒருத்தர் சுத்தியலால ஆணி அடிக்கற ஷாட்னு வெச்சுக்கோங்க, சுத்தியல் ஆணியில படுற ஃப்ரேமை தேடி அந்த க்ளிப் மேல ஒரு மார்க்கர் போடுங்க, ஸ்னாப்பிங்கை ஆன் பண்ணிட்டு (பிரீமியர்ல `S`, ரிசால்வ்லயும் ஃபைனல் கட்லயும் `N`) அந்த மார்க்கரை பாரோட மார்க்கர் மேல உக்கார வைங்க. அதுக்கப்புறம் ரெண்டு ஓரத்தையும் ட்ரிம் பண்ணுங்க. ஷாட் பீட்டுக்கு அஞ்சு ஃப்ரேம் முன்னாடி ஆரம்பிச்சாலும் எட்டு ஃப்ரேம் முன்னாடி ஆரம்பிச்சாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க, அடி விழுற இடம்தான் மனசுல நிக்கும். எட்டு பாருக்கு இந்த மாதிரி ரெண்டு அடி இருந்தா போதும், மத்த கட்டை கொஞ்சம் தளர்வா விட்டாலும் மொத்தமும் தாளத்துல இருக்கற மாதிரியே தெரியும்.

கடைசியா, சிங்க் சரியா இருக்கான்னு டைம்லைன் ப்ளேபேக்ல முடிவு பண்ணாதீங்க, ஃப்ரேம் ட்ராப் ஆச்சுன்னா சரியான கட்டும் தப்பா தெரியும், நல்லா இருக்கறதை போய் நகர்த்திட்டு வருவீங்க. எக்ஸ்போர்ட் பண்ணின ஃபைல்ல கடைசி எட்டு பாரை மட்டும் முதல்ல பாருங்க, நழுவல் இருந்தா அங்கதான் அதிகமா இருக்கும்.