அனாமலி: முறைகேடு அல்ல, விலகல்

வாராந்தரக் காணொளிக் கணக்கை விரிதாளில் வைத்திருக்கும் குழு ஒன்றின் டாஷ்போர்டைப் பார்த்தேன். ஒரு வாரத்தின் எதிரே சிவப்பில் ‘முறைகேடு’ என்று இருந்தது. பழைய காணொளி ஒன்று பரிந்துரைப் பட்டியலில் ஏறி, பார்வைகள் கூடியிருந்தன. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லைப் படித்த பொறுப்பாளர், பார்வைகளைக் காசு கொடுத்து வாங்கினார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அனாமலி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதே மொழிபெயர்ப்பை வேறு இடங்களிலும் பலமுறை கண்டு சலித்துவிட்டேன்.

அனாமலி கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். ‘ஹோமலோஸ்’ என்றால் சமமானது. ‘அன்’ எதிர்மறை முன்னொட்டு. சமமற்றது, மேடுபள்ளமானது என்பதே பொருள். சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தாம் முறை, ஒழுங்கு என்று போகிறார்கள்.

தமிழில் முறைகேடு என்றால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று பொருள். தேர்வில் முறைகேடு, டெண்டரில் முறைகேடு என்றுதான் நாளிதழ்களில் படிக்கிறோம். எண்ணுக்கு ஏது குற்றம்? ‘பிறழ்வு’ என்று எழுதுவோரும் உண்டு. அது சற்று மேல். ஆனாலும் பிறழ்சாட்சி, நெறிபிறழ்தல் என்று பழகிய காதுக்கு அதிலும் பழி ஒலிக்கிறது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அது எந்தக் கட்டத்தில் உட்காரப்போகிறது என்று பார்க்காத மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது.

கட்டத்துக்குள் என்ன கணக்கு நடக்கிறது என்று பாருங்கள். முந்தைய எட்டு வாரப் பார்வைகள் B2 முதல் B9 வரை, இந்த வாரம் B10:

```
=IF(ABS(B10-AVERAGE(B2:B9))>2*STDEV.S(B2:B9),"விலகல்","")
```

எட்டு வாரங்கள் 4100, 3900, 4300, 4000, 4200, 3800, 4100, 4000 என்றால் சராசரி 4050, திட்டவிலக்கம் ஏறத்தாழ 160. அதன் இரு மடங்கான 320-க்கு மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கொடி எழும். 5200 வந்தால் எழும். 3600-க்கு இறங்கினாலும் எழும். சூத்திரம் அளப்பது வழக்கத்திலிருந்து விலகிய தூரத்தை மட்டுமே. பாடநூல் ஏற்கெனவே திட்டவிலக்கம் என்று சொல்லித் தந்திருக்கும்போது, அதே வேரில் ‘விலகல்’ என்று எழுதினால் சொல்லும் கணக்கும் ஒன்றாக நிற்கின்றன.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. அடுத்த வாரம் அந்த 5200-உம் முந்தைய எட்டில் சேர்ந்துவிடும். திட்டவிலக்கம் 439 ஆகப் பெருகும். 3400-க்கு வீழ்ந்தாலும் கட்டம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே விலகல் என்று குறிக்கப்பட்ட வாரத்தை, காரணம் தெரிந்தபின், சராசரிக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். அங்கே முறைகேடு என்று எழுதியிருந்தால், காரணம் தேடுவதை விட்டு ஆளைத் தேடுவார்கள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஏற்றத்துக்கு ‘மேல் விலகல்’, இறக்கத்துக்கு ‘கீழ் விலகல்’ என்று இரு நிறத்தில் பிரித்து எழுதலாம். மேல் முறைகேடு, கீழ் முறைகேடு என்று எழுதிப்பாருங்கள்.